வெள்ளை வேட்டியில் வைத்த கால்

எட்டு மாதமாக ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் அப்பத்தாவின் காலில் இருந்த புண்ணை ஒருநாள் டாக்டருக்கு வீடியோவில் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "கருப்பா தெரியுதே, சதை செத்துப்போச்சோன்னு சந்தேகமா இருக்கு. நாளைக்குக் காலையிலேயே கூட்டிட்டு வந்துடுங்க, லேட் பண்ணாதீங்க" என்றார். அப்பத்தாவுக்கு 20 வருஷமாகச் சர்க்கரை. சதை செத்துப்போச்சு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று சர்க்கரைக்காரர் உள்ள வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பாவுக்கு முட்டிக்குக் கீழே காலை எடுத்தது அப்பத்தாவுக்குத் தெரியும். அவர் அன்று ராத்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மானாமதுரையைத் தாண்டி உள்ளே போக வேண்டிய ஊர் எங்களுடையது. விடியற்காலை வாடகைக் கார் பிடித்து மதுரைக்குப் போனோம். டாக்டர் கட்டைப் பிரித்தார், புண்ணை ஈரப் பஞ்சால் துடைத்தார், விளக்கை இழுத்துவைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? சதை சிவப்பா வளருது. நேத்து ஏன் அப்படித் தெரிஞ்சுது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா, "போன் பழசு சார்" என்று சொல்லிவைத்தார்.

போன் பழசு இல்லை. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதனால்தான் உறுத்தியது.

டாக்டர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 25 அன்று இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. திரையில் பார்ப்பது போதுமா, ஆளை நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்ற முடிவை அவை டாக்டரிடமே விட்டிருக்கின்றன. சந்தேகம் வந்தது, வரச் சொன்னார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். தப்பு எங்கள் பக்கம் இருந்தது. அது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நான்கு இடம், ஒரே கால்

மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள் கட்டு மாற்றும் நேரத்தில், அதே போனை வைத்துக்கொண்டு நான்கு இடங்களில் படம் எடுத்தேன். முதல் இடம் நாங்கள் வீடியோ பேசிய நடுக்கூடம். நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்த சுவர், மேலே ஒரு எல்இடி பல்பு, தரையில் சலவை செய்த வெள்ளை வேட்டி, அதன்மேல் கால். "டாக்டர் பாக்கிறாரு, சுத்தமா இருக்கட்டும்" என்று அம்மா விரித்தது அந்த வேட்டி. இரண்டாவது வாசற்படிக்கு உள்பக்கம். மூன்றாவது வேப்பமர நிழல். நான்காவது திண்ணை, அங்கே விரிக்கத் துணி கிடைக்காமல் கோரைப்பாயிலேயே காலை வைக்கச் சொன்னேன்.

நான்கு படத்தையும் அடுத்தடுத்து நகர்த்திப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. வேட்டியில் வைத்த கால் கரிக்கட்டை மாதிரி இருந்தது. புண்ணின் நடுப்பகுதி உண்மையாகவே கருப்பு. பாயில் வைத்த காலில் அதே புண், கோவைப்பழத்தின் உள்சதைபோலச் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிஷம்தான்.

காரணத்தை அப்புறம் ஊரில் கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் ஒரு அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "கருப்பு மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி சட்டை போட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னாடி நிறுத்தினா என்ன ஆகும்? அதே கததான் தம்பி" என்றார். போன் கேமராவுக்கு எது முக்கியம் என்று தெரியாது. அது படம் முழுவதிலும் உள்ள வெளிச்சத்தைக் கூட்டிச் சராசரி பார்க்கும். முக்கால்வாசிப் படம் வெள்ளையாக இருந்தால், "வெளிச்சம் ரொம்ப அதிகம்" என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கும். வேட்டி கொஞ்சம் சாம்பலாகும், அது யார் கண்ணிலும் படாது. நம் நிறக் கால் கருப்பாகும். அதற்குள் இருக்கும் புண் இன்னும் கருப்பாகும். சுத்தத்துக்காக விரித்த வேட்டிதான் எங்களை மதுரைக்கு அனுப்பியது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கேமரா நிறத்தையும் ஊகம்தான் செய்கிறது. சுவரின் நீலம் காலில் பட்டுத் திரும்பும்போது சிவப்பு மங்கி ஊதாவாகிறது. வேப்பமர நிழல் படத்தில் அப்பத்தாவின் தோல் லேசாகப் பச்சை பூத்திருந்தது. இலை வழியாக வந்த வெளிச்சம் அது. நீலத் தார்ப்பாய்ப் பந்தல் போட்ட வீடுகளில் எல்லாரும் நீலமாகத் தெரிவார்கள். காமாலை இருக்கிறதா, ரத்தம் குறைவா என்று கண்ணையும் நாக்கையும் பார்த்துச் சொல்லும் டாக்டருக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

வாசற்படிப் படம் வேறு விதத்தில் கெட்டது. வெளிச்சம் காலுக்குப் பின்னால் இருந்தது. இது முகத்துக்குத்தான் அதிகம் நடக்கும். காற்று வரட்டும் என்று வாசலுக்கு முதுகைக் காட்டி உட்காருவோம், எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு வெறும் நிழலுருவம் தெரியும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் போதும், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

திண்ணை

கடைசியில் திண்ணைதான் எங்கள் இடம் ஆனது. நேர் வெயில் விழக் கூடாது, ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். எங்கள் திண்ணை மேற்குப் பார்த்தது, காலை 9 மணிக்கு அப்படி இருக்கும். கிழக்குப் பார்த்த வீடு என்றால் மாலை. காலுக்கு அடியில் கோரைப்பாய், அல்லது வெளுத்த பழைய சாக்கு. ரொம்ப வெள்ளையும் வேண்டாம், கருங்கம்பளியும் வேண்டாம். கருப்புத் துணி விரித்தால் எதிர்மாறாக நடக்கும், கால் வெளுத்து புண்ணின் சிவப்பே காணாமல் போகும். அந்தத் தப்பு முந்தைய தப்பைவிட மோசம் என்று நினைக்கிறேன். நாங்கள் வீணாக மதுரைக்குப் போனோம். அந்த வீட்டுக்காரர்கள் போக வேண்டிய நேரத்தில் போகாமல் இருந்துவிடலாம்.

புண்ணுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைக் காகிதத் துண்டு வைக்கிறோம். காகிதம் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் மற்ற நிறங்களையும் நம்பலாம். மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்த அளவுக்கு எல்லாமே தள்ளியிருக்கிறது என்று பார்ப்பவர் புரிந்துகொள்வார். கூடவே பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று, புண்ணில் படாமல், ஆனால் அதே மட்டத்தில். "போன வாரத்துக்கு இப்ப சின்னதா ஆகியிருக்கா?" என்ற கேள்விக்கு அப்பா எப்போதும் "ஆமா சார், நல்லா ஆறிருக்கு" என்றுதான் சொல்வார். ஸ்கேல் வந்த பிறகு அந்தக் கேள்வியே வருவதில்லை. 3.1 சென்டிமீட்டர், அப்புறம் 2.6, அப்புறம் 2.4. நடுவில் ஒரு வாரம் 2.4 அப்படியே நின்றது. டாக்டர் செருப்பை மாற்றச் சொன்னார்.

ஃப்ளாஷ் வேண்டாம். ஈரமான புண்ணில் அது வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும், பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதும் தெரியாமல் போகும். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் பள்ளத்தின் ஓரத்தில் லேசான நிழல் விழுந்து ஆழம் தெரியும். போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோகவும் வேண்டாம். எங்கள் போன் ஒரு சாணுக்குக் கிட்டே போனாலே மங்கலாகிவிடுகிறது. ஒரு முழம் தள்ளி நின்று, திரையில் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் கூர்மையாக வருகிறது. எடுப்பதற்கு முன் திரையில் புண்ணின்மேல் விரலால் ஒரு தட்டு. அங்கேதான் பார்க்க வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்வது அது. முகத்தை அழகாக்கும் வசதி சில போன்களில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். தோல் வழவழப்பாகும், சிவந்த தடிப்பு மறைந்துவிடும். அதை நிறுத்திவிடுங்கள்.

எத்தனை படம்? எங்களுக்கு நான்கு போதுகிறது. இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி ஒன்று. வீக்கம், நிற வித்தியாசம் அதில்தான் தெரியும். புண் உள்ள பக்கம் ஒன்று, ஸ்கேலோடு கிட்டத்தில் ஒன்று, உள்ளங்கால் ஒன்று. இவற்றைப் பேசுவதற்கு அரைமணி நேரம் முன்பே அனுப்பிவிடுகிறோம். வீடியோவில் போகும் படம் சிக்னலுக்குத் தகுந்தபடி நசுங்கித்தான் போகும். நம் திரையில் தெரியும் நம் படம் நம் போனுக்குள்ளேயே தெரிவது, டாக்டர் பார்ப்பது அது இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. இப்போது டாக்டரிடம் பேசுவதற்கு முதல்நாளே சென்னையில் இருக்கும் சித்தப்பா மகளை அதே திண்ணையிலிருந்து அழைத்து, "உனக்கு எப்படித் தெரியுதோ அதை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு" என்று கேட்கிறேன். அவள் அனுப்பும் படம்தான் உண்மை.

சொம்பில் சாய்த்த போன்

சத்தத்தில் எங்கள் கதை கொஞ்சம் வெட்கக்கேடு. முதல் மூன்று தடவையும் "குரல் கிணத்துக்குள்ளேருந்து வர மாதிரி இருக்கு" என்று டாக்டர் சொன்னார். சிக்னலைத் திட்டினோம். அப்பா சிம்மை மாற்றினார். ஒருநாள் தற்செயலாகத்தான் பார்த்தேன்: போனைப் பித்தளைச் சொம்பில் சாய்த்து, வழுக்காமல் இருக்க அடியில் துண்டை மடித்து வைத்திருந்தோம். போனின் மைக் ஓட்டை கீழ் விளிம்பில் இருக்கிறது. துண்டு அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. போனைப் படுக்கைவாட்டில் வைத்து மைக் பக்கம் திறந்திருக்கும்படி பார்த்துக்கொண்டதும் கிணறு போய்விட்டது. கையில் பிடிப்பவர்கள் கட்டைவிரலால் அந்த ஓட்டையை மூடுவதும் இதே வகைதான். எங்கு வைத்துப் பேசப்போகிறோமோ அங்கேயே வைத்து, போனின் ரெக்கார்டரில் அரை நிமிஷம் பேசிப் பதிந்து கேட்டால் இது உடனே தெரியும்.

அப்பத்தாவுக்குக் காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். ஸ்பீக்கரில் ஒரு சங்கடம் உண்டு. எதிரொலி வராமல் இருக்க, ஒரு பக்கம் பேசும்போது போன் மறுபக்கத்துக் குரலைத் தணித்துவிடும். டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பத்தா "ஆத்தாடி" என்பார், அம்மா "ம்ம் சொல்லுங்க" என்பார், அந்த இடத்தில் மாத்திரையின் பெயர் விழுந்துபோகும். நேரில் மரியாதைக்கு "ம்" கொட்டுவது போனில் காரியத்தைக் கெடுக்கிறது. இப்போது டாக்டர் பேசும்போது எல்லாரும் தலையை மட்டும் ஆட்டுகிறோம். அப்பத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஊமைக் கூத்தா இருக்கு" என்கிறார்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதிருந்தது இதன் இன்னொரு பக்கம். பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வேலையைப் போனும் வீடியோச் செயலியும் தாங்களாகவே செய்கின்றன. பேச்சை வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டுகின்றன. மூச்சிரைப்பும் நெஞ்சின் விசில் சத்தமும் அவற்றுக்கு "மற்றது"தான். பக்கத்து வீட்டு அத்தாச்சி தன் பையனுக்கு இளைப்பு என்று டாக்டரிடம் காட்டினார். போனை அவன் நெஞ்சருகே கொண்டுபோய், "கேளுங்க சார், எப்படி இழுக்குதுன்னு" என்றார். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் கேட்டது வேறு: சட்டையைக் கழற்றச் சொன்னார், நெஞ்சும் வயிறும் சேர்ந்து தெரியும்படி போனை அசையாமல் ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னார். மூச்சை எண்ணினார், விலா எலும்புக்கு நடுவில் சதை உள்ளே இழுக்கிறதா என்று பார்த்தார். காதுக்கு வராததைக் கண்ணால் எடுத்துக்கொண்டார்.

நடுவில் வேறு அழைப்பு வந்தால் வீடியோ நின்றுவிடலாம். தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பைப் போட்டு வைப்பது நல்லது. இரண்டு சிம் போட்ட போன்களில் மற்ற சிம்முக்கு அழைப்பு வந்து எடுத்தால் பெரும்பாலும் இந்தச் சிம்மின் நெட்டும் போய்விடும். எங்களுக்குப் போனது, மாமா அழைத்தபோது. ஆடு விற்கும் விஷயம்.

S எது, R எது

ரிப்போர்ட் அனுப்புவதில் பட்ட பாடு தனி. புண்ணிலிருந்து எடுத்த சீழைப் பரிசோதித்து ஒரு கல்ச்சர் ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதில் வரிசையாக ஆன்டிபயாடிக் பெயர்கள், எதிரே S அல்லது R. S என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், R என்றால் கட்டுப்படாது. ஒரே ஒரு எழுத்து. அதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினேன். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டாக்டர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது S-ஆ, R-ஆ? ஊகிச்சு மருந்து எழுத மாட்டேன்" என்றார். நான் வாசித்துச் சொன்னேன். மருந்துப் பெயர்களை நான் உச்சரித்த விதத்தில் அவர் இரண்டு தடவை "ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்றார்.

அதே படத்தைக் காகிதக் கிளிப் குறியைத் தொட்டு, Document என்பதைத் தேர்ந்து அனுப்பினால் சுருங்காமல் போகும். லேப் பிடிஎஃப் கொடுத்தால் அதையே அனுப்புவது இன்னும் நல்லது. அச்சடித்ததைப் படமெடுத்து அனுப்புவதுதான் நம் ஊர் வழக்கமாக இருக்கிறது. பேப்பர்தான் இருக்கிறது என்றால் தட்டையாகத் திண்ணையில் வைத்து, நேர் மேலிருந்து, போனின் நிழல் விழாமல். பெயர், தேதி, எந்த லேப், பக்கத்தில் இருக்கும் இயல்பு அளவுகள் எல்லாம் படத்துக்குள் வர வேண்டும். எண் மட்டும் தெரிந்து அலகு வெட்டுப்பட்டுப்போன ரிப்போர்ட்டை வைத்து டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்கேன் செய்யும் செயலிகளில் ஒரு பொறி இருக்கிறது. அவை பேப்பரைப் பளிச்சென்று கருப்பு வெள்ளை ஆக்கித் தரும். எழுத்துக்கு அது சரி. ஈசிஜிக்கு ஆகாது. ஈசிஜி தாளில் வெளிர் சிவப்பில் சின்னக் கட்டங்கள் இருக்கும். வழக்கமான வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, டாக்டர் அதை எண்ணித்தான் இதயத் துடிப்பின் அளவுகளைப் பார்க்கிறார். கருப்பு வெள்ளை வடிகட்டி அந்தக் கட்டங்களை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். கோடு மட்டும் அழகாக மிஞ்சும், அளக்க எதுவும் இருக்காது. ஈசிஜியை நிறத்தோடு, வடிகட்டி இல்லாமல் அனுப்புங்கள். அந்தத் தாள் சூட்டுக்கும் நாள்பட்டும் மங்கக்கூடியது, வாங்கிய அன்றே படமெடுத்து வைப்பது உத்தமம்.

எக்ஸ்ரே ஃபிலிமை அப்பா டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துக் காட்டுவார். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, இருபுறமும் இருட்டு. பகலில் ஜன்னல் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதன்மேல் ஃபிலிமை வைத்து, அறைக்குள் விளக்கை அணைத்து எடுத்தால் வெளிச்சம் சமமாகப் பரவுகிறது. முழுப் படம் ஒன்று, பெருவிரல் எலும்பு மட்டும் கிட்டத்தில் ஒன்று.

கேமராவுக்குள் வராதவை

இவ்வளவும் செய்த பிறகு ஒருநாள் டாக்டர் கேட்டார்: "வாடை அடிக்குதா?" அம்மா குனிந்து முகர்ந்து பார்த்து, இல்லை என்றார். "ரெண்டு காலையும் புறங்கையால தொட்டுப் பாருங்க, எது சூடா இருக்கு?" தொட்டோம். புண் உள்ள கால் துளி சூடு. "வலிக்குதா பாட்டி?" அப்பத்தா பெருமையாக, "வலியே இல்லய்யா" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. சர்க்கரைக் காலில் வலி தெரியாதது நல்ல சேதி இல்லை. நரம்பு உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். சூடு என்றதும் மூன்று நாளில் நேரில் வரச் சொன்னார். காய்ச்சலோ, வாடையோ, கணுக்காலுக்கு மேலே ஏறும் சிவப்போ வந்தால் மூன்று நாள் வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம் என்றார். இந்தத் தடவை போனது வீண் போகவில்லை, உள்ளே கொஞ்சம் சீழ் இருந்தது. படத்தில் அது இல்லவே இல்லை. திரும்பி வந்து நான் பழைய படங்களை எல்லாம் எடுத்துத் தேடினேன், இப்போது தெரிந்துகொண்டு பார்த்தாலும் தெரியவில்லை.

திண்ணையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், பாயின் ஓரம் எங்கே வர வேண்டும் என்று. ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே நேரம் என்றால்தான் போன வாரப் படத்தோடு ஒப்பிட முடியும் என்று டாக்டர் சொன்னதால். மழையில் அது அழிந்தால் அப்பத்தாவே இன்னொரு கோடு போடச் சொல்கிறார். திங்கட்கிழமை 9 மணிக்கு நான் போனைத் துடைத்துக்கொண்டு வரும்போது அவர் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார், மடியில் ஸ்கேலும் காகிதத் துண்டும். அம்மா மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. "டாக்டருக்குப் போயி பழைய பாயைக் காட்டுறதா" என்று முனகிக்கொண்டே அதைத் தட்டி விரிக்கிறார்.